வருமானக் கட்டத்தில் எந்தத் தொகையை எழுதுவது? உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிய அனுபவம்

என் தங்கையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நானும் அவளும் சேர்ந்துதான் நிரப்பினோம். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் சட்டென்று முடிந்தன. நேரம் பிடித்தது 'குடும்ப ஆண்டு வருமானம்' என்ற ஒரே கட்டத்துக்குத்தான்.

அப்பாவின் வங்கிக் கணக்கில் மாதம் 15,600 வரவாகிறது. அதை 12ஆல் பெருக்கினால் 1,87,200. பலரும் இதைத்தான் எழுதுவார்கள். ஆனால் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 16,000, படிகள் 4,000, ஆக 20,000 என்று இருந்தது. வைப்பு நிதிக்கு 1,900, கடன் தவணைக்கு 2,500 பிடித்ததுபோக மீதிதான் கைக்கு வருகிறது. எங்கள் படிவத்தின் விளக்கக் குறிப்பு 'பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த வருமானம்' என்று கேட்டது. கடன் தவணை என்பது நம் செலவு, அதனால் வருமானம் குறைந்துவிடாது. எனவே 2,40,000, அதோடு ஆண்டு போனஸ் 10,000 சேர்த்து அப்பாவுக்கு 2,50,000 என்று வைத்தோம். சில படிவங்கள் பிடித்தம்போக உள்ள தொகையைக் கேட்கும். அதனால் எண்ணைத் தேடும் முன் குறிப்பைப் படித்துவிடுவது நல்லது.

அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. நல்ல மாதம் ஒன்றை எடுத்துப் பெருக்குவதும் தப்பு, மந்தமான மாதத்தை எடுப்பதும் தப்பு. அம்மாவின் கணக்கு நோட்டில் படிவம் கேட்ட அதே 12 மாதங்களைக் கூட்டினோம். கூலியாக வந்தது 64,000. நூல், துணி, இயந்திரப் பழுது என்று போனது 22,000. சுயதொழிலுக்குச் செலவு கழித்த தொகைதான் கேட்டிருந்தார்கள், ஆகவே 42,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் மாதவாரியாக எழுதி, அம்மாவிடம் கையொப்பம் வாங்கி இணைத்தோம்.

அப்புறம், குடும்பம் என்றால் யார் யார்? படிவத்தின்படி, விண்ணப்பதாரரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள். பாட்டி எங்களோடுதான் இருக்கிறார், அவருடைய ஓய்வூதியம் மாதம் 1,500. அதனால் 18,000 சேர்ந்தது. நான் வேலைக்குப் போய்த் தனியாக வசிப்பதால் என் சம்பளம் கணக்கில் வரவில்லை. ஆனால் 'குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை' கட்டத்திலும் என்னைச் சேர்க்கக் கூடாது. தலையை எண்ணிவிட்டு வருமானத்தை மட்டும் விடுவது முரண்பாடு, சரிபார்ப்பவர் கண்ணில் உடனே படும். கடைசியில் மொத்தம் 3,10,000. உச்சவரம்பு 3,50,000 என்பதால் தகுதி இருந்தது. வாடகை வருமானம் போல எங்களுக்கு இல்லாத இனங்களை வெற்றாக விடாமல் 0 என்று போட்டோம். வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிறவருக்கு, வருமானம் இல்லையா, எழுத மறந்தார்களா என்று தெரியாது.

உறுதிமொழியில் 'வேறு எந்த நிதி உதவியும் பெறவில்லை' என்று ஒரு வரி இருந்தது. தங்கைக்குக் கல்லூரியில் கட்டணச் சலுகை உண்டு. அது நிதி உதவியா இல்லையா என்று நாங்களாகத் தீர்மானிக்கவில்லை, மின்னஞ்சலில் கேட்டோம். குறிப்பிட்டுவிடுங்கள், தகுதி பாதிக்காது என்று பதில் வந்தது. உரிய இடத்தில் எழுதி, அந்தப் பதிலையும் பத்திரப்படுத்தினோம். கையொப்பத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததற்கும் காரணம் உண்டு. 'இணைத்துள்ள ஆவணங்கள் உண்மையானவை' என்று உறுதி கூறும் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் உள்ளே இருந்தால், அந்த உறுதிமொழிக்கு அர்த்தமே இல்லை.

இணைப்புகளில் ஒவ்வொரு கோப்பும் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கைபேசியில் எடுத்த வண்ணப் படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதை அப்படியே சுருக்கினால் முத்திரையும் சான்றிதழ் எண்ணும் மங்கிவிடுகின்றன. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டியதும் அளவு தானாக இறங்கியது. பின்பக்கம் முத்திரை இருந்தால் அந்தப் பக்கமும் வேண்டும். கோப்புகளுக்கு `02_income_father.pdf` என்ற மாதிரி, படிவத்தின் வரிசை எண்ணோடு பெயர் வைத்தோம். பதிவேற்றிய பின் ஒவ்வொன்றையும் அந்தத் தளத்திலேயே திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள் தங்கை. சான்றிதழ் எண்ணை வாசிக்க முடிந்தால் சரி.

சரிபார்ப்பின்போது ஒரே ஒரு கேள்விதான் வந்தது: வங்கி அறிக்கையில் 15,600, படிவத்தில் 20,000, ஏன் இந்த வித்தியாசம்? பிடித்தங்களைக் குறியிட்ட சம்பளச் சீட்டை அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.