சினையின் கடைசி ஆறு வாரம்: நச்சுநோய் கண்ட ஒரு செம்மறியும் மற்ற ஆடுகளின் தீவனமும்

சினையின் கடைசியில் சக்திப் பற்றாக்குறையால் வரும் சினை நச்சுநோயை முதலில் காட்டிக்கொடுப்பது தீவனத் தொட்டிதான். காய்ச்சல், கழிச்சல், இருமல் எதுவும் இருக்காது. அடர்தீவனம் கொட்டும் சத்தம் கேட்டதும் எல்லா ஆடும் முண்டியடித்து வரும்போது ஒன்று மட்டும் பின்னால் நிற்கும். வைக்கோலைக் கொஞ்சம் கடிக்கும், தானியத்தை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். எங்கள் பட்டியில் நன்றாகச் சதைபிடித்த ஒரு செம்மறி இப்படித்தான் நின்றது. எடை 50 கிலோவுக்கு மேல். ஸ்கேனில் மூன்று குட்டி தெரிந்திருந்தது. கிடா சேர்ந்த தேதியிலிருந்து கணக்குப் போட்டால் ஈனுவதற்கு இன்னும் இரண்டு வாரத்துக்குக் குறைவு. அதற்கு முன் விடாத மழையால் ஆடுகள் சில நாள் மேய்ச்சலுக்குப் போகாமல் கொட்டகையிலேயே இருந்தன.

அன்று சாயங்காலம் அருகில் போய்ப் பார்த்தேன். கூப்பிட்டால் காது ஆடியது, தலை திரும்பவில்லை. கண்ணுக்கு எதிரே கையை ஆட்டினால் இமைக்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. புழுக்கை சிறுத்து, காய்ந்து, மேலே சளி படிந்திருந்தது. வெப்பம் 102.5 பாரன்ஹீட், அதாவது சாதாரண அளவுதான். மூச்சில் ஒரு இனித்த வாசம் இருக்கும் என்பார்கள். எனக்கு அது தெரியவில்லை, வீட்டில் இன்னொருவர் உடனே கண்டுபிடித்தார். அந்த வாசம் எல்லா மூக்குக்கும் எட்டாது, அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

கால்நடை மருத்துவர் வந்ததும் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மனிதர்களுக்குச் சர்க்கரையும், கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனும் பார்க்கிற கையடக்கக் கருவியில் வைத்தார். கீட்டோன் லிட்டருக்கு 4.2 மில்லிமோல். சினை ஆட்டுக்கு 0.8-க்குக் கீழே இருந்தால் நல்லது. 3-ஐத் தாண்டி, இந்த அறிகுறிகளும் இருந்தால் நோய் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். கருவி இல்லாத இடத்தில் சிறுநீரில் முக்கும் கீட்டோன் பட்டையும் போதும். படுத்திருக்கிற ஆட்டை எழுப்பிவிட்டால் பெரும்பாலும் உடனே சிறுநீர் கழிக்கும், அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்று அவர் சொன்ன விளக்கம்தான் பிறகு நான் போட்ட தீவனக் கணக்குக்கெல்லாம் அடிப்படை. ஆடு தின்கிற மாவுச்சத்து குளுக்கோஸாக ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கிவிடும். அதில் புரோப்பியானிக் அமிலம் என்ற ஒன்றைக் கொண்டுதான் கல்லீரல் பெரும்பாலும் குளுக்கோஸ் தயாரிக்கிறது. வயிற்றில் இருக்கும் குட்டிகளோ குளுக்கோஸையே கேட்கின்றன. குட்டியின் எடையில் பெரும்பகுதி, முக்கால்வாசிக்கு அருகில், கடைசி ஆறு வாரத்தில்தான் கூடுகிறது. அதே சமயம் கருப்பை பெருத்து இரைப்பையை அமுக்குவதால் தாய் தின்னும் அளவு குறைகிறது. பற்றாக்குறையைச் சமாளிக்க உடம்பு கொழுப்பைக் கரைக்கும். அளவுக்கு மீறிக் கரைந்த கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும், எரிக்க முடியாதது கீட்டோனாக ரத்தத்தில் தேங்கும். கீட்டோன் ஏறினால் பசி போய்விடும். பசி போனால் இன்னும் கொழுப்பு கரையும். இந்தச் சுழலில் சிக்கிய ஆடு தானாக வெளியே வருவது அரிது.

“வயித்துல இடமே இல்லைங்க. வைக்கோலைக் குவிச்சு வெச்சாலும் இதால திங்க முடியாது. கொஞ்சத்துல நிறைய சக்தி இருக்கிறதாப் பார்த்துக் குடுக்கணும்” என்றார்.

வைத்தியம் அன்றிரவே தொடங்கியது. நரம்பில் குளுக்கோஸ் கரைசல் ஏற்றினார். தோலுக்கடியில் கால்சியம் போரோகுளுக்கோனேட் போட்டார். கால்சியம் குறைந்தாலும் சினை ஆடு இதே மாதிரி சோர்ந்து படுக்கும், ஆனால் ஊசி போட்டதும் சீக்கிரமே தெளிந்து எழுந்துவிடும். எங்கள் ஆட்டில் அப்படி எந்தத் தெளிவும் வரவில்லை, ஆகவே முக்கியக் கோளாறு சக்திப் பற்றாக்குறைதான் என்பது இன்னும் உறுதியானது. வாய் வழியாக புரோப்பிலீன் கிளைக்கால் காலை 60 மில்லி, மாலை 60 மில்லி, மூன்று நாளுக்கு. இதைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும். சீக்கிரம் குணமாகட்டும் என்று அளவைக் கூட்டக் கூடாது, அதிகமானால் அதுவே நஞ்சு.

மருந்து ஊற்றும் விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். தலையை அண்ணாந்து பிடிக்காமல், தாடை தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து, வாயின் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, சிறிது சிறிதாக விட்டு, விழுங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தோம். மந்தமாக இருக்கும் ஆட்டுக்கு அவசரமாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். விழுங்கவே முடியாமல் கிடக்கும் ஆட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அதற்கு மருத்துவர் குழாய் போட வேண்டும். நடுநடுவே பசுந்தழையைக் கையில் வைத்து நீட்டினோம். தனியாக அடைத்தால் இன்னும் ஒடுங்கிவிடும் என்பதால் பக்கத்தில் இன்னொரு ஆட்டைக் கட்டி வைத்தோம்.

மறுநாள் கொஞ்சம் தழை தின்றது. கீட்டோன் 3-க்குக் கீழே இறங்கியது. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. பசி முழுதாகத் திரும்பவில்லை, எழுந்தால் கால் நடுங்கியது. சர்க்கரையை உறிஞ்சும் குட்டிகள் உள்ளே இருக்கும்வரை மருந்து ஓரளவுக்குத்தான் தாங்கும். குட்டிகளை வெளியே எடுப்பதா, இன்னும் காத்திருப்பதா என்ற முடிவுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. தேதி தெரிந்திருந்ததால்தான் அதை எடுக்கவே முடிந்தது. சினைக்காலம் சுமார் 147 நாள், நாங்கள் 140-ஐத் தாண்டியிருந்தோம். அதற்கு வெகு முன்னே எடுத்தால் குட்டியின் நுரையீரல் தயாராக இருக்காது.

மருத்துவர் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார். செம்மறியில் இது பிரசவத்தைத் தூண்டும். வெள்ளாட்டில் சினை கடைசிவரை சூலகத்தில் சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியத்தை நம்பியிருப்பதால் அங்கே புரோஸ்டாகிளாண்டின் ஊசிதான் வழக்கம். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு நாமே போட்டுவிடக் கூடாது. இரண்டு நாளுக்குள் ஈன்றது. இரண்டு குட்டி உயிரோடு, ஒன்று இறந்து பிறந்தது. தாயிடம் சீம்பால் சொட்டுதான் இருந்தது. அதே வாரம் ஈன்ற இன்னொரு ஆட்டிடம் கறந்து, குட்டி எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் முதல் தடவை கொடுத்தோம், பிறகு அந்த நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தோம். தாய் அன்று மாலையே தொட்டியைத் தேடி வந்தது.

அது வைத்தியத்தில் இருந்தபோதே மற்ற சினை ஆடுகளைப் பிரித்துவிட்டோம். ஒரு ஆட்டுக்கு வந்துவிட்டால் அதே நிலையில் இன்னும் சில இருக்கும் என்று கணக்கில் கொள்வதுதான் சரி. பார்வைக்கு எல்லாம் உருண்டையாகத் தெரியும், கம்பளியும் வயிறும் உண்மையை மறைத்துவிடும். அதனால் கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்பில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தோம். முதுகெலும்பு முனைகள் கூராகக் குத்தினால் மெலிவு. லேசாக அமுக்கினால் வழவழப்பாகத் தட்டுப்பட்டால் சரியான உடல்வாகு, 5-க்கு 3 என்று சொல்லலாம். எலும்பே தேட வேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம். நோய்ப்பட்டது இந்தக் கடைசி வகை. கொழுத்த ஆட்டுக்கு உள்ளேயும் கொழுப்பு இடத்தை அடைப்பதால் அது இன்னும் குறைவாகத் தின்கிறது. கொழுத்திருக்கிறதே என்று நான்காம் மாதத்தில் தீவனத்தைக் குறைப்பதுதான் மிக ஆபத்தானது, நோயை நாமே கூட்டிவந்த மாதிரி ஆகும். இளைக்க வைக்க வேண்டுமானால் அதைச் சினையின் நடுப்பகுதிக்குள் மெதுவாக முடித்துவிட வேண்டும்.

அடுத்த ஈற்றில் ஸ்கேன் பார்த்து, ஒரு குட்டி உள்ளவை, பல குட்டி உள்ளவை என்று இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். 50 கிலோ எடையுள்ள இரட்டைக்குட்டி ஆட்டுக்கு ஈனுவதற்கு ஆறு வாரம் முன்பு தினமும் 100 கிராம் அடர்தீவனம் தொடங்கி, வாரம் 100 கிராம் கூட்டி, கடைசி வாரத்தில் 600 கிராமுக்குக் கொண்டுபோனோம். மக்காச்சோளமும் பிண்ணாக்கும் தவிடும் கலந்தது, புரதம் 16 சதவீதம் அளவு. ஒரு குட்டி உள்ளதற்கு இதில் பாதி. தானியத்திலிருந்துதான் புரோப்பியானிக் அமிலம் அதிகம் கிடைக்கிறது, ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் இரைப்பை புளித்து வேறு நோய் வரும். அதனால் இரண்டு வேளையாகப் பிரித்து, ஒரு வேளைக்கு 300 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம். நார்த்தீவனத்தை நிறுத்தவில்லை, முற்றிய தட்டையைக் குறைத்து, இலை நிறைய உள்ள பயறுவகை உலர்தழையைக் கூட்டினோம்.

தொட்டி நீளமும் தீவனத்தைப் போலவே முக்கியம். ஒரு ஆட்டுக்கு 45 செண்டிமீட்டராவது வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் நின்று தின்ன வேண்டும். இல்லையென்றால் முரட்டு ஆடு இரண்டு பங்கு தின்னும், கால் நொண்டியும் பல் விழுந்த கிழடும் வெறும் வைக்கோலோடு நின்றுவிடும். அவற்றைத் தனியே வைத்தோம். மழை பெய்தாலும் வேளை தவறவிடவில்லை. கடைசி மாதத்தில் ஆடுகளை வண்டியேற்றவோ, கம்பளி வெட்டவோ, நாள் முழுக்கப் பட்டினியாக அடைத்துவைக்கவோ இல்லை. கொட்டகையிலேயே கிடக்கும் கொழுத்த வெள்ளாடுகளைத் தினமும் நடக்கவிட்டோம்.

ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பு, அடர்தீவனம் தின்ற உடனே எடுக்காமல் சில மணி நேரம் விட்டு, பல குட்டிக் கூட்டத்தில் சிலவற்றின் ரத்தத்தைச் சோதித்தோம். பெரும்பாலானவை 0.8-க்குக் கீழே இருந்தன. ஒரு வெள்ளாடு மட்டும் 1.3 காட்டியது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது, தொட்டிக்கும் வந்துகொண்டிருந்தது, ஆனால் தின்று முடிக்க மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்தது. அதைத் தனித்தொட்டிக்கு மாற்றி, அடர்தீவனத்தை மூன்று வேளையாக்கி, மருத்துவரிடம் கேட்டு சில நாள் புரோப்பிலீன் கிளைக்காலும் கொடுத்தோம். அடுத்த சோதனையில் 0.7-க்கு வந்துவிட்டது. அதற்கும் இரட்டைக் குட்டிதான்.