240 நாளுக்குள் இரண்டு கணக்கு

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நவீன அரிசி ஆலையில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 2019-ஆம் ஆண்டு, தொழிலாளர் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை இருந்தது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாற்பது பக்கக் கோப்பு. வேலையில் சேரும்போது கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவோம். அதைப் படித்தவர் என்று ஆலையில் ஒருவரும் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலான பகுதிகள் எளிதாகவே முடிந்தன. ஷிப்ட் நேரம், சீருடை, பாய்லர் பக்கம் செல்ல விதிகள் ஆகியவற்றில் நீளமான வாக்கியத்தை நாலாக உடைத்தாலே தெளிவு வந்துவிட்டது. என்னைத் தடுத்து நிறுத்தியது ஈட்டிய விடுப்பு, அதாவது எல்லோரும் இ.எல். என்று சொல்லும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆம் பிரிவை எங்கள் கோப்பு ஏறக்குறைய அப்படியே நகலெடுத்திருந்தது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 240 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில், முந்தைய ஆண்டில் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் விடுப்பு உண்டு என்பது அதன் முதல் வரி. அதற்குக் கீழே ஒரு விளக்கக் குறிப்பு, ஒரே மூச்சில் அரைப் பக்கத்துக்கு ஓடியது.

நான் முதல் வரியை மட்டும் எளிய தமிழில் எழுதி, விளக்கக் குறிப்பை வக்கீல்களுக்கான விஷயம் என்று விட்டுவிட்டேன். அச்சுக்குக் கொடுக்குமுன் நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டுவது என்று வழக்கம் வைத்திருந்ததால் தப்பித்தேன். உலர்த்தும் களத்தில் வேலை பார்த்த ஓர் அக்கா கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு இந்த வருஷம் லீவு கிடையாதுங்களா தம்பி?" என்றார். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முந்தைய ஆண்டில் அவர் வேலைக்கு வந்த நாட்கள் 214. சம்பா நெல் வரத்து முடிந்து குறுவை வரும்வரை ஆலை ஓடாத இடைவெளியில் நிர்வாகமே லே-ஆஃப் கொடுத்த நாட்கள் 21. அதற்கு முந்தைய ஆண்டில் சேர்த்திருந்த இ.எல்.-ஐ அவர் எடுத்தது 9 நாள். மற்றவை ஞாயிறு, பண்டிகை விடுமுறை, தன் வயலில் நடவும் அறுப்புமாகச் சம்பளமில்லாமல் நின்றுகொண்ட நாட்கள்.

என் பக்கத்தின்படி அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். சட்டத்தின்படி அப்படியல்ல. நான் கழித்துவிட்ட அந்த விளக்கக் குறிப்பு சொல்வது இதுதான்: ஒப்பந்தப்படியோ நிலையாணைப்படியோ கொடுக்கப்பட்ட லே-ஆஃப் நாட்களும், 12 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பும், முந்தைய ஆண்டில் ஈட்டி இந்த ஆண்டில் எடுத்த விடுப்பும் 240-ஐ எட்டுவதற்கு வேலை செய்த நாட்களாகவே கொள்ளப்படும். 214, 21, 9 மூன்றையும் கூட்டினால் 244. அக்கா தகுதி பெற்றுவிட்டார்.

அவசரமாகத் திருத்தி எழுதியதில் இரண்டாவது தவறு நேர்ந்தது. "லே-ஆஃப் நாட்களும் எடுத்த விடுப்பும் வேலை நாட்களாகக் கருதப்படும்" என்று எழுதினேன். அதைப் பார்த்துக் கணக்கர் 244-ஐ 20-ஆல் வகுத்து 12 நாள் என்றார். அதுவும் தவறு. அதே குறிப்பின் கடைசித் துண்டு, அந்த நாட்களுக்காக விடுப்பு ஈட்ட முடியாது என்று முடிகிறது. ஆகவே வகுக்க வேண்டியது 214-ஐ மட்டுமே. 10.7 வருகிறது, அரை நாளோ அதற்கு மேலோ மிஞ்சினால் முழு நாளாகக் கொள்ள வேண்டும் என்பதால் 11. ஒரே ஆளுக்கு ஒரே சட்டத்தில் பூஜ்யம், 12, 11 என்று மூன்று விடை. இரண்டு தவறுமே படிப்பதற்கு வெகு தெளிவான தமிழில் இருந்தன.

சட்ட வாக்கியம் இவ்வளவு முறுக்கிக் கிடப்பதற்குக் காரணம், ஒரே "வேலை நாள்" என்ற சொல்லுக்குள் அது இரண்டு கணக்கை வைத்திருப்பது. வாக்கியத்தை உடைப்பதால் அது விலகாது. கணக்கையே பிரித்துப் பெயர் வைக்க வேண்டும். தகுதிக் கணக்கு, ஈட்டுக் கணக்கு என்று இரு பெயர் வைத்தேன். கடைசியில் அச்சான பகுதி இப்படி இருந்தது:

"முதலில் தகுதிக் கணக்கு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நீங்கள் வேலைக்கு வந்த நாட்கள், ஆலை லே-ஆஃப் கொடுத்த நாட்கள், எடுத்த இ.எல்., மகப்பேறு விடுப்பு (12 வாரம் வரை) எல்லாவற்றையும் கூட்டுங்கள். 240 வந்தால் அடுத்த ஆண்டில் உங்களுக்கு விடுப்பு உண்டு. அடுத்து ஈட்டுக் கணக்கு. வேலைக்கு வந்த நாட்களை மட்டும் 20-ஆல் வகுங்கள்."

கீழே அக்காவின் பதிவேட்டுக் கணக்கைப் பெயர் சொல்லாமல் உதாரணமாகப் போட்டோம். ஆண்டுக்குத் தேதி எழுதியதும் காரணமாகத்தான். கணக்கருக்கு வருஷம் என்றால் ஏப்ரல் முதல் மார்ச் வரை. களத்தில் இருப்பவர்களுக்கோ மேட்டூர் திறந்ததிலிருந்துதான் வருஷமே பிறக்கிறது.

கும்பகோணத்து வக்கீல் ஒருவர் வரைவைப் பார்த்தார். அவர் திருத்தியது ஒரே ஒரு விகுதி. "விடுப்பு வழங்கப்படலாம்" என்று ஓரிடத்தில் நான் எழுதியிருந்தேன்; மரியாதையாக ஒலிக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. "சட்டம் கட்டாயம் என்கிறது, உங்க 'லாம்' மேனேஜர் விருப்பம் என்கிறது" என்றார் அவர். தமிழில் -லாம் அனுமதியையும் குறிக்கும், நடக்கக்கூடும் என்பதையும் குறிக்கும். "30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைக்கலாம்" என்னும்போது அது தொழிலாளியின் உரிமை. "வழங்கப்படலாம்" என்றதும் நிர்வாகத்தின் தயவாகிவிடுகிறது. அன்று முழுக்க உட்கார்ந்து கையேட்டில் இருந்த ஒவ்வொரு -லாமையும் தேடி, யார் செய்யலாம் என்று எழுவாயைப் போட்டேன். போட முடியாத இடங்களில் "உண்டு" அல்லது "வேண்டும்" என்று மாற்றினேன். சட்டத் தமிழில் செயப்பாட்டு வினையை நான் இன்றும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். யார் பொறுப்பு என்பதை அது நயமாக மறைத்துவிடும்.

இந்தப் பக்கத்தை மறுபடி தொட வேண்டிய வேலை, 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது நேர்ந்தது. அதில் 240 என்பது 180 ஆகிவிட்டது. மகப்பேறு விடுப்பின் வரம்பு 26 வாரம். இரண்டு கணக்கு அப்படியே இருக்கிறது, 20-க்கு ஒன்று என்பதும் மாறவில்லை. இரண்டு எண்களைத் திருத்தினால் முடிந்தது என்று நினைத்தேன். உதாரணத்துக்கு வந்தபோதுதான், அக்காவின் 214 நாள் லே-ஆஃபைச் சேர்க்காமலே 180-ஐத் தாண்டிவிடுவது கண்ணில் பட்டது. இனி அது எதையும் விளக்காது. பதிவேட்டில் தேடி, 165 நாள் வந்து 21 நாள் லே-ஆஃபில் இருந்த ஒருவரின் கணக்கை எடுத்தேன்: கூட்டினால் 186, தகுதி உண்டு, 165-ஐ 20-ஆல் வகுத்தால் 8.25, விடுப்பு 8 நாள். அக்காவிடம் புதிய பக்கத்தைக் காட்டினேன். விரலை வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "என் கணக்கை எடுத்துட்டீங்களா?" என்றார்.