டம் டம் பாறை ஏத்தத்துல ஆடுன முள்ளு

போன மாசம் வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் போனோம், நானும் மச்சானும், பழைய பெட்ரோல் கார். டம் டம் பாறை நெருங்குறப்போ டெம்பரேச்சர் முள்ளு நடுவுல இருந்து டக்குன்னு சிவப்புல போய் முட்டிச்சு, அடுத்த வளைவுல நடுவுக்கே திரும்புச்சு, அதுக்கடுத்த வளைவுல மறுபடியும் சிவப்பு.

மச்சான் பதறிட்டான், "இன்ஜின் போச்சு மாமா"ன்னு. எனக்கு அந்த வேகம்தான் இடிச்சுது. அடுப்புல வெச்ச தண்ணி ஒரு நொடில கொதிக்காது, ஒரு நொடில ஆறவும் ஆறாது. நெஜமா சூடேறுனா முள்ளு நிமிஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாதான் ஏறும்.

இருந்தாலும் அகலமான எடமா பாத்து ஓரங்கட்டினோம். ஆவி வந்திருந்தா அப்பவே ஆஃப் பண்ணிருப்பேன், வரல, அதனால ஐடில்லயே விட்டு பாத்தேன். ரிசர்வ் டேங்க்ல தண்ணி கோட்டுக்குள்ள இருக்கு, குமிழி வரல, ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி தானா நின்னுச்சு. எங்க கார்ல ஃபேனை சூட்டை பாத்து போட்டு நிறுத்த தனி ஸ்விட்ச், முள்ளுக்கு சூட்டை அளந்து சொல்ற சென்டர்ங்கற சென்சார் தனி, அதனால ஃபேன் நின்னதே பெரிய சாட்சி. முள்ளு மட்டும் சிவப்புலயே நிக்குது.

அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணி சாவிய மட்டும் ஆன்ல வெச்சு சென்டர்ல இருந்த ஒத்த வயரை கழட்டினேன். சூடு ஏற ஏற சென்டரோட ரெசிஸ்டன்ஸ் கொறையும், அத வெச்சுதான் முள்ளு ஏறுது. அதனால வயரை கழட்டினா எங்க கார்ல முள்ளு C-க்கு விழணும், விழுந்திருந்தா சென்டர் மேல சந்தேகம். விழல! அப்ப வயர்தான் எங்கயோ பாடில தொடுது. வயர் போற வழியெல்லாம் அசைச்சு பாத்தேன், ஒரு பிராக்கெட் பக்கம் அசைச்சதும் முள்ளு பொத்துன்னு C-ல விழுந்துச்சு. அங்க ஒறை தேஞ்சு செம்பு தெரியுது, வளைவுல இன்ஜின் சாயுறப்போ உரசிருக்கு. டேப் சுத்தி மாட்டினதும் முள்ளு நடுவுல.

பெருமாள்மலைல டீ குடிக்கறப்போ ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னேன். "முள்ளு கீழ இருந்தா நிம்மதின்னு நெனைக்காதீங்க தம்பி, தண்ணி வத்திட்டா சென்டர் காத்துல நிக்கும், இன்ஜின் வெந்துட்டு இருக்கும், முள்ளு கம்முனு கெடக்கும்"னாரு. அப்போ ஹீட்டரை போட்டா சூடு காத்துக்கு பதிலா பச்சக் காத்து வரும், அதான் அடையாளமாம்.

மூடியையும் பாக்க சொன்னாரு. கொடைக்கானல் 2100 மீட்டர் ஒசரம், அங்க தெறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும். ரேடியேட்டர் மூடிதான் அழுத்தம் புடிச்சு அதை தடுக்குது, மூடி ரப்பர் போயிட்டா முள்ளு சிவப்பை தொடறதுக்கு முன்னாடியே கொதிச்சு வெளியேறிடும்.

சூட்டுல தெறந்தா மூஞ்சில அடிச்சிடும்னு மறுநாள் காலைல இன்ஜின் நல்லா ஆறி கெடக்கறப்போதான் தெறந்தேன். தண்ணி கழுத்து வரைக்கும் இருந்துச்சு, ஆனா மூடி ரப்பர் வெடிச்சு கெடந்துச்சு. கொடைக்கானல்லயே அதே அளவு அழுத்தம் போட்டிருந்த புது மூடி வாங்கி மாட்டிட்டுதான் கீழ எறங்கினோம்.