புதுக் கணக்கைச் சேர்த்ததும் பணம் ஏன் போவதில்லை?

வீட்டு அட்வான்ஸ் 60,000 ரூபாயை நாளைக்கு நெட் பேங்கிங்கில் அனுப்பணும் என்றால், ஓனரின் கணக்கை இன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

முதல் லாகினுக்கு வங்கியின் முகவரியைக் கையால் டைப் செய்யுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். இப்போது இந்திய வங்கிகளின் தளங்கள் `.bank.in` என்று முடியும். அதைப் பார்த்துக்கொண்டால் போதும். வங்கி தந்த கிட்டில் வந்த தற்காலிக பாஸ்வேர்டோ, டெபிட் கார்டை வைத்துப் பதிவு செய்ததோ, எதுவானாலும் உள்ளே போனதும் புது பாஸ்வேர்ட் கேட்கும். சில வங்கிகளில் கணக்கு சேர்ப்பதற்கென்றே இன்னொரு பாஸ்வேர்ட் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

அடுத்து Add Beneficiary அல்லது Add Payee. கணக்கு எண்ணை இரண்டு தடவை அடிக்கச் சொல்லும். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து அங்கே ‘ஓ’ அடித்துவிட்டு, ‘தவறான குறியீடு’ என்று வந்ததும் விழிப்பவர்கள் நிறைய. அதற்குப் பிறகு பெயர். பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை வைத்துத்தான், நாம் அடிக்கும் பெயரை வைத்து அல்ல. அதனால் வங்கி காட்டும் கணக்குதாரர் பெயரைப் படித்துவிட்டு ஓடிபி போடுங்கள். ஓடிபி குறுஞ்செய்தியையும் முழுசாகப் படியுங்கள்: எதற்கான ஓடிபி என்று அதிலேயே இருக்கும்.

சேர்ந்தாச்சு. ஆனாலும் 60,000 போகாது. காத்திருப்பு வங்கிக்கு வங்கி மாறும்: ஒன்றில் அரை மணி நேரம், இன்னொன்றில் 24 மணி நேரம். சில வங்கிகள் முதல் நாளில் மொத்தம் 50,000 வரை விடும். அப்படியானால் இன்று 50,000, மீதி 10,000 நாளைக்கு. அவசரத்தில் அந்தக் கணக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தால் கடிகாரம் முதலிலிருந்து ஓடும்.

இந்தத் தடை நமக்காகப் போட்டதல்ல, நம் பாஸ்வேர்டைத் திருடியவனுக்குப் போட்டது. அவன் பணத்தை எடுக்க முதலில் தன் கணக்கையோ வாடகைக்குப் பிடித்த கணக்கையோ சேர்க்க வேண்டும். ஐஎம்பிஎஸ்ஸில் பணம் சில நொடியில் போய்விடும்; அங்கிருந்து இன்னும் நாலு கணக்குக்குப் பிரிந்தும் விடும். திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. சேர்த்த உடனே நமக்கு ‘புதுக் கணக்கு சேர்க்கப்பட்டது’ என்று செய்தி வருகிறதே, அதற்கும் முதல் பெரிய தொகைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நம் கையில் உள்ள நேரம். செய்தியைப் படிக்காதவருக்கு 24 மணி நேரம் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

நீங்கள் சேர்க்காத பெயர் வந்தால், செய்தியில் உள்ள லிங்கைத் தொடாமல், கார்டின் பின்னால் உள்ள எண்ணில் கூப்பிட்டு நெட் பேங்கிங்கை முடக்கச் சொல்லுங்கள். பணமே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே கூப்பிடுங்கள்.