பேடா எங்கடா?

ஆற்காட்டில் மாமாவுக்கு ஒரு மக்கன் பேடா கடை. கடைக்கு ஒரு வெப்சைட் செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம், பன்னிரண்டு படம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். வீட்டில் லேப்டாப்பில் `index.html` ஃபைலை டபுள் கிளிக் செய்து பார்த்தால் அத்தனை பேடாவும் ஜீராவில் பளபளவென்று மின்னியது. ராத்திரியே சர்வரில் ஏற்றிவிட்டு, மறுநாள் நல்ல நேரம் பார்த்து கடையில் மாமாவின் போனில் திறந்து காட்டினேன்.

"இன்னாடா இது? பேடா எங்கடா?"

ஐந்து படம் வந்திருந்தது. மீதி ஏழு இடத்தில் கிழிந்த தாள் மாதிரி ஒரு குட்டிச் சின்னம், பக்கத்தில் 'மக்கன் பேடா' என்று எழுத்து மட்டும். கல்லாவுக்கு எதிரே நின்றிருந்த கஸ்டமர் எட்டிப் பார்த்து, "ஸ்டாக் தீந்துபோச்சா?" என்றார். அவருக்கு என்ன வந்தது!

நெட் ஸ்லோ மாமா என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நெட் ஸ்லோ என்றால் வரிசையாக இப்படி ஒரு கூட்டம் வந்து ஒரு கூட்டம் வராமல் இருக்காது என்பது எனக்கே தெரியும். வந்த ஐந்தும் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. வராததில் ஆறு, நான் கேமராவில் எடுத்தவை. அங்கேதான் பிடி கிடைத்தது. உடைந்த படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து புது டேபில் திறந்தேன், 404 என்று வந்தது. அதாவது சர்வர் தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்கிறது. நான் எழுதியிருந்தது இது:

```
<img src="images/peda1.jpg" alt="மக்கன் பேடா">
```

ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது `peda1.JPG`. கேமரா எக்ஸ்டென்ஷனைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும் என்பதால், நான் `peda1` என்று பெயர் மாற்றியபோது பின்னால் `.JPG` ஒட்டிக்கொண்டிருந்தது கண்ணில் படவே இல்லை. விண்டோஸ் ஒரு பெரிய மனது ஆசாமி. நீங்கள் வைத்த பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது, மேக்கும் பெரும்பாலும் அப்படித்தான். சர்வரில் ஓடுவதோ லினக்ஸ், அதற்கு `J` வேறு `j` வேறு. நமக்குப் புலியும் புளியும் எப்படியோ அப்படி, ஓர் எழுத்து மாறினால் ஆளே வேறு.

எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிவிட்டு, ஆறையும் சின்ன எழுத்தாக்கித் திரும்ப ஏற்றினேன். சர்வரில் பழைய `peda1.JPG`-யும் புது `peda1.jpg`-யும் இரண்டு தனித்தனி ஃபைலாக அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. பழசைத் தேடித் தேடி அழித்தேன்.

சரி, முடிந்தது என்று லேப்டாப்போடு திரும்பவும் கடைக்குப் போனேன். பதினொன்று வந்துவிட்டது. மேலே இருக்கும் பேனர் மட்டும் வரவில்லை, கடை போர்டு எடுத்த படம், மாமாவுக்கு அதுதான் முக்கியம். பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மாமா ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். F12 அழுத்தி கன்சோலைத் திறந்தால் சிவப்பில் ஒரு வரி:

```
Not allowed to load local resource:
file:///C:/Users/admin/Desktop/mama_tholla/banner.jpg
```

பேனரை மட்டும் எடிட்டருக்குள் இழுத்துப் போட்டிருந்தேன், அது என் லேப்டாப்பின் முழு விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டது. பக்கமும் படமும் ஒரே மெஷினில் இருக்கும்வரை அது வேலை செய்யும். சர்வரிலிருந்து வரும் பக்கம், பார்ப்பவர் கம்ப்யூட்டரின் C டிரைவைத் திறக்கக் கேட்டால் பிரவுசர் விடாது, அந்த ஃபைல் இருக்கிற என் லேப்டாப்பிலேயே விடவில்லை. மாமா போனில் C டிரைவுக்கு எங்கே போவது? படத்தை `images` ஃபோல்டருக்குள் போட்டு, விலாசத்தை `images/banner.jpg` என்று பக்கத்திலிருந்து வழி சொல்கிற மாதிரி மாற்றினால் போதும். ரெண்டு நிமிட வேலை, மாற்ற ஆரம்பித்தேன்.

"இருடா" என்றார் மாமா. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிவப்பு வரியை எழுத்துக் கூட்டினார். "எம்... ஏ... மாமா. அப்பால இன்னா அது, தொல்லையா?"

ஃபோல்டருக்குப் பெயர் வைத்த அன்றைக்கு அவர் நாலாவது முறையாக லோகோ மாற்றச் சொல்லியிருந்தார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பேனர் வந்தது, நன்றாகவும் இருந்தது. வழக்கமாக ஒரு கிலோ பேடா கட்டிக் கையில் திணித்து அனுப்புகிறவர், அன்றைக்கு அரைக் கிலோ கட்டி, பில்லும் போட்டார்.