தார்சாவில் ஒரு கடை

திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து முக்கூடல் செல்லும் சாலையில் பேருந்து நிற்கும், விளக்கு என்று நாங்கள் சொல்லும் முக்கிலிருந்து எங்கள் ஊருக்குள் வருவதற்கு ஒரே தெருதான் உண்டு. அந்தத் தெருவின் நடுவில், மேற்குப் பார்த்த வாசலோடு எங்கள் வீடு இருக்கிறது. திண்ணையைத் தாண்டியதும் வரும் தார்சா எட்டடிக்குப் பத்தடி. மாமனார் காலத்தில் அங்கே நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்களாம்; பிற்பாடு நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அங்கே அமர்ந்து பீடி சுற்றினோம். கழுத்து வலி காரணமாக அந்த வேலையை நான் விட்டபோது, தார்சாவைக் கடையாக்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. பலகை அடிப்பதும் சன்னலைத் திறப்பாக மாற்றுவதும்தான் பெரிய வேலை என்று மற்றவர்கள் எண்ணினார்கள். எனக்கோ, தெருவில் போகிறவர்கள் எதற்காக நிற்பார்கள் என்பது தெரியாமல் ஒரு சாமான்கூட வாங்க மனம் வரவில்லை.

ஆகவே சரக்கு எடுப்பதற்கு முன் சில நாட்கள் திண்ணையில் ஒரு நோட்டோடு அமர்ந்து, போவோர் வருவோரைக் குறித்துக்கொண்டேன். எந்த நேரம், விளக்குக்குப் போகிறவரா அங்கிருந்து வருகிறவரா, கையில் என்ன இருக்கிறது என்று மூன்று பத்திகள். ஆள் எண்ணிக்கையை விடவும் கையில் இருப்பதைக் குறித்த பத்திதான் பிறகு பெரிதும் பயன்பட்டது. தெருவில் மிக அதிகக் கூட்டம் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. ஆனால் அவர்கள் டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்கள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் பிள்ளை அல்லது குடை. எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “காலையில எங்களுக்கு நிக்க ஏது நேரம் மயினி? சாயங்காலம் இறங்கி வாரப்ப கடை தெறந்து கெடந்தாப் போதும்” என்றாள். நோட்டு சொன்னதும் அதுவேதான்.

காலையில் விற்பவை, நின்று யோசிக்க வேண்டாதவை மட்டுமே: பால் பாக்கெட், வெற்றிலை பாக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேனா, பென்சில், அழி ரப்பர். இவற்றுக்கும் சில்லறை தயாராக இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய்த் தாளுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தால் பேருந்து போய்விடும், மறுநாள் அந்த ஆள் நம் பக்கம் திரும்ப மாட்டார்.

பிற்பகலில் தெரு வேறு மாதிரி ஆகிறது. சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கித் துணி மூடிக்கொண்டு பெண்கள் பீடிக்கடைக்குப் போகிறார்கள். போகும்போது அவர்களிடம் எதையும் விற்க முடியாது. கணக்குக் குறையாமல் ஒப்படைக்க வேண்டுமே என்ற கவலையோடு இரு கைகளாலும் தட்டைப் பிடித்திருப்பார்கள். இலையும் தூளும் வாங்கித் திரும்பும்போதுதான் நடை தளர்கிறது. அப்போது அவர்கள் வாங்குவது ராத்திரிச் சமையலுக்குக் குறைகிற பொருள்: கால் கிலோ தக்காளி, பச்சை மிளகாய், ஒரு பாக்கெட் சீரகம், மிளகாய்த் தூள், பிள்ளைக்கு ஒரு முறுக்கு. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி வருகிறவர்களும் ஏறக்குறைய இதே பொருட்களைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் தீர்ந்துபோனது, டவுனில் வாங்க மறந்தது ஆகிய இரண்டும்தான் தார்சாக் கடையின் வியாபாரம் என்று நான் கணக்கிட்டேன்.

இதனால் அரிசி, துவரம்பருப்பு மூட்டைகளை வைக்க வேண்டும் என்ற வீட்டாரின் யோசனையை நான் ஏற்கவில்லை. எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் அங்கே வெளிச்சந்தையை விடப் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கின்றன. மாதச் சாமான் வாங்க எப்படியும் டவுனுக்குப் போகிறார்கள். ஒரு மூட்டை அரிசியில் முடங்கும் பணத்தை வைத்து, ஷாம்பு சாஷே, சலவை சோப்பு, தீப்பெட்டி, ஊதுபத்தி, சிறு பொட்டலங்களில் மளிகை என்று ஒரு பலகையையே நிரப்பிவிடலாம்.

ஆனால் பொட்டலங்களால் பலகை நிறைகிறதே தவிர, வருமானம் அதிகம் வருவதில்லை. ஒரு கணக்கைச் சொன்னால் விளங்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் பத்து சதவீதம் கிடைத்தால் ஒன்றுக்கு ஐம்பது காசு. நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து நூற்றிருபது பழமுள்ள ஒரு வாழைத்தாரை 360 ரூபாய்க்கு எடுத்து வந்தால் பழம் ஒன்று மூன்று ரூபாய் ஆகிறது. அதில் இருபது பழம் அழுகியோ உதிர்ந்தோ போனாலும், மிச்சம் நூறு பழத்தை ஐந்து ரூபாய்க்கு விற்றால் 500 ரூபாய் வருகிறது. போக்குவரத்துச் செலவைக் கழிக்காமல் பார்த்தால் லாபம் 140. அதே லாபத்துக்கு 280 பிஸ்கட் பாக்கெட் விற்க வேண்டும். சேதம் அறுபது பழத்தைத் தொட்டுவிட்டால் மட்டும் கதை மாறிவிடும்: 300 ரூபாய்தான் திரும்பும், முதலிலேயே 60 ரூபாய் நட்டம். ஆகவே தாரைச் சிறியதாக, மேல் சீப்பு மட்டும் நிறம் மாறத் தொடங்கிய பக்குவத்தில் பார்த்து எடுக்கிறேன். பழுத்த தார் மலிவாகக் கிடைக்கும், ஆனால் எங்கள் தெருவின் வேகத்துக்கு அது தாங்காது. திறப்பின் மேல் தொங்கும் தார் விளக்கிலிருந்து வரும்போதே கண்ணில் படும் என்பதால், கடைக்குப் பெயர்ப்பலகையும் தேவைப்படவில்லை.

வீட்டின் அமைப்பும் சரக்கைத் தீர்மானிக்கிறது. மேற்குப் பார்த்த வாசல் என்பதால் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேரே உள்ளே விழும். சாக்லேட் உருகும், சோப்பின் மேலட்டை வெளுக்கும். திறப்புக்கு மேல் கீற்றுச் சாய்ப்பு இறக்கிய பிறகும் சாக்லேட்டை விட்டுவிட்டுக் கடலை மிட்டாய், தேன் மிட்டாய், எள்ளுருண்டை என்றே வைத்திருக்கிறேன். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வெயிலுக்கு அஞ்சுவதில்லை, மூடி இறுக்கமாக இருந்தால் போதும். மழைக்காலத்து ஈரம்தான் அதற்குப் பகை. தார்சாவின் தரை தெருவை விட இரண்டடி உயரம் என்பதால், பிள்ளைகளின் கண்ணுக்கு மேல்பலகை தெரியாது. மிட்டாய்ப் பாட்டில்களை அடிப்பலகைக்கு இறக்கியதும் அவர்கள் கேட்கும் பொருள் மாறியது. பெயர் தெரியாத மிட்டாயையும் “அது” என்று விரல் நீட்டிக் கேட்டார்கள்.

சிகரெட்டும் பீடியும் வைத்தால் கூட்டம் வரும் என்று பலர் சொன்னார்கள். பீடியால் பிழைத்த தெருவில் அதை விற்க மறுப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தொடக்கப் பள்ளி எங்களிடமிருந்து ஐந்தாவது வீடு. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், பாட்டிலைப் பார்த்து விரல் நீட்டும் பிள்ளைகளுக்கு முன்னால் அதை அடுக்க எனக்கு விருப்பமில்லை.

கடன் கொடுப்பதைத் தவிர்க்க முடியவில்லை. பீடிக் கூலி எங்கள் பக்கம் சனிக்கிழமை தோறும் கைக்கு வருவதால், புதன்கிழமைக்கு மேல் பாதி வியாபாரம் நோட்டில்தான் நடக்கிறது. பத்து வீட்டில் நூற்றைம்பது ரூபாய் நின்றாலே 1,500 ரூபாய் வெளியில் இருக்கிறது, அதனால் வெள்ளிக்கிழமை சரக்கெடுக்கக் கையில் பணமிராது. கெடாத சாமான்களை ஞாயிற்றுக்கிழமை, வசூல் கையில் இருக்கும்போது எடுப்பது என்றும், வார நடுவில் காய்கறியும் பழமும் மட்டும் என்றும் வகுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலையில் மட்டும், வழக்கமாக நான் வைக்காத மிக்சர், பக்கோடா, கலர் பாட்டில் ஆகியவற்றைக் கொஞ்சமாக வரவழைக்கிறேன். கடனை அடைக்க வருகிறவர்கள், பிள்ளைகளுக்கென்று அவற்றை ரொக்கம் கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.