வற்றாப்பளைக்கு அம்மாவும் பெரியம்மாவும்

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வவுனியாவிலிருந்து போய்வருவதொன்றும் பெரிய பயணமில்லை. தூரத்தைப் பார்த்துத்தான் முதல் தடவை நான் ஏமாந்தேன். எழுபத்துநாலு வயது அம்மாவைக் களைக்கச் செய்தது ஓட்டமில்லை, ஒவ்வொரு இடத்திலும் நின்ற நிலைதான்.

அந்த வருடம் வழமையான பஸ்ஸில் ஏறினோம். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டுப் போவமென்று இறங்கினால், மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவும் மத்தியானத்தோடு பூட்டினால் பின்னேரம் நாலு மணியளவில்தான் திறக்கும், தெரிந்த விசயந்தான். தெரிந்தும் மறந்தேன். வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. மேலெல்லாம் வியர்வை. திங்கள் விரதமென்று ஒன்றும் சாப்பிடாமல், காலையில் சீனி வருத்தத்துக்கான குளிசையை மட்டும் போட்டிருக்கிறா. பக்கத்துக் கடையில் சீனித் தண்ணி வாங்கிப் பருக்கின பிறகுதான் கண் தெளிந்தது. அன்றைக்கு வற்றாப்பளையைக் காணாமலே திரும்பினோம்.

போன வருடம் கொழும்பிலிருந்து பெரியம்மாவும் வாறேன் என்றா. அங்கே இன்னொரு சிக்கல். பொங்கல் வருவது வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில். அந்தப் பௌர்ணமி சில வருடம் வெசாக்காக இருக்கும், சில வருடம் பொசனாகப் போகும். எதுவானாலும் லீவு நாட்கள், வடக்குப் பக்கம் வரும் இரவு பஸ்களில் சீற் கிடையாது. ஆகவே திகதி தெரிந்த கையோடு பெரியம்மாவுக்கு முன்பக்கத்தில், கதவுக்குக் கிட்டவாக ஒரு சீற் புக் பண்ணினேன். பின் சீற்றென்றால் குலுக்கம், அதோடு அவவுக்கு முழங்கால் நோ. பொங்கலுக்கு முதல் நாள் வராமல் இரண்டு நாள் முந்தியே வரச் சொன்னேன். இரவுப் பஸ்ஸில் விடியவிடிய இருந்து வந்த ஆளை அன்றைக்கே கோயிலுக்கு இழுத்துப் போகேலாது.

வவுனியா - முல்லைத்தீவு பஸ்ஸுக்கு எங்களால் இடம் பிடித்துவைக்க வழியில்லை, ஏறினவருக்குத்தான் இடம். அதனால் வான் பிடித்தோம். வாடகை பேசும்போதே காத்திருப்புக்கு எவ்வளவு என்று கேட்டு முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் ஒரு தகராறு வரும். கிளினிக்கில் டொக்டரிடமும் முன்கூட்டியே கேட்டோம். பட்டினி கிடப்பதானால் சீனிக் குளிசையை என்ன செய்வது, நீர் போகிற குளிசையை எத்தனை மணிக்குப் போடுவது என்றெல்லாம். விரதம் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா இடியப்பம் சாப்பிட்டா, முகம் மட்டும் நீண்டது.

எட்டரைக்கு வெளிக்கிட்டு, நெடுங்கேணி வழியாக மத்தியானப் பூசைக்கு நல்ல நேரத்தோடு ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தமுறை நடை திறந்திருந்தது. பிறகு முள்ளியவளையில் தெரிந்தவர் வீட்டில் சோறு, பாயில் ஒரு படுக்கை, கழிப்பறை. இந்த மூன்றும் கிடைக்கிற ஒரு வீட்டை முதலே பார்த்து வைத்ததுதான் முழுத் திட்டத்திலும் உருப்படியான வேலை. கொளுத்தும் வெயிலையெல்லாம் அங்கேயே போக்கினோம்.

ஐந்து மணிக்குப் பிறகு வற்றாப்பளை. வாகனங்களைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து மணலில் நடை. முழங்கால் நோக்காரருக்கு மணல் தார் ரோட்டைவிடக் கொடுமை. பிளாஸ்ரிக் கதிரை ஒன்று கையோடு கொண்டுபோயிருந்தேன், ஐம்பது அடிக்கு ஒருதரம் பெரியம்மாவை இருத்தி எழுப்பினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒரு கிழவர் வந்து, "தம்பி, நானும் ஒருக்கா இருக்கட்டோ?" என்று கேட்டார்.

உள்ளே உப்புநீர் விளக்கு. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை எரித்து, ஞாயிறு அங்கே பொங்கல் முடிந்த பிறகு இங்கே கொண்டுவருகிற விளக்கு. நந்திக்கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. சனம் நெருக்கியதால் பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தா. "எண்ணெய் இல்லையோ?" என்று மெல்லக் கேட்டா. "இல்லை, கடல்தண்ணி" என்றேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பொங்கல் பொங்குவது நடு இரவுக்கு. அதுவரை நின்றால் கூட்டம் இறுகி வெளியே வரேலாது. எட்டு மணிக்கு வெளிக்கிடுவமென்று முன்னமே பேசி வைத்திருந்தேன். அம்மாதான் அடம்.

"புக்கை வாங்காமல் வாறதோ?"

"முள்ளியவளைக்காரர் நாளைக்குக் கொடுத்துவிடுவினம் அம்மா."

செவ்வாய் மத்தியானம் முல்லைத்தீவு பஸ்ஸில், கண்டக்டர் கையில், வாழையிலையில் சுற்றின ஒரு பொதி வந்தது. அம்மா அதை வாங்கி முதலில் பெரியம்மாவுக்குத்தான் நீட்டினா. பிறகு என்னைப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம்தான் தா, டொக்டர் பேசுவார்" என்றா.